மூடிய தொழிலைத் தன்னறிமுகத்தில் எழுதும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பாளையங்கோட்டையில் அச்சகம் நடத்துவதால், கல்லூரிக் கருத்தரங்கு அழைப்பிதழ், சங்க ஆண்டு விழா மலர் என்று எது அச்சுக்கு வந்தாலும் அதில் இடம்பெறுவோரின் தன்னறிமுகக் குறிப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். அவற்றுள், ஒரு தொழிலைத் தொடங்கி நடத்தி மூடியவர்கள் எழுதிக் கொண்டுவரும் குறிப்புகளை இரண்டாம் முறை படிக்காமல் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. எழுத்துப் பிழைக்காக அல்ல. அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சில கோளாறுகளுக்காக. படிக்கும்போது என்ன தட்டுப்படுகிறது என்பதை வைத்துக் கோளாறு இன்னதென்று கண்டுபிடித்துவிடலாம்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துத் தம்பி ஒருவர், தொழில்முனைவோர் கூட்ட அழைப்பிதழில் போடுவதற்காக எழுதிக் கொண்டுவந்தது இது:

«நான் அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து வளர்ந்தவன். 2019-ஆம் ஆண்டு பெருங்கனவோடு பாளையங்கோட்டையில் மரச்செக்கு எண்ணெய் நிறுவனம் தொடங்கினேன். துரதிர்ஷ்டவசமாகக் கொரோனாவாலும் கடைக்காரர்களின் ஒத்துழையாமையாலும் 2021-இல் அதை மூட வேண்டியதாயிற்று. இந்தத் தோல்வியிலிருந்து பல பாடங்களைக் கற்றேன். தற்போது தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். விரைவில் மீண்டும் எழுவேன்.»

அறிகுறி: படித்து முடித்ததும் மூடிய செய்தி மட்டுமே மனத்தில் நிற்கிறது

இது தமிழ் வாக்கிய அமைப்பால் வருகிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்பதால், வாக்கியத்தின் எடை முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லின்மேல் போய் இறங்கும். 'மூட வேண்டியதாயிற்று' என்று ஒரு வாக்கியம் முடிந்தால், அதற்கு முன்னால் எத்தனை நல்ல செய்தி இருந்தாலும் படிப்பவர் அந்தச் சொல்லில் வந்துதான் மூச்சு விடுவார். தம்பியின் குறிப்பில் அது நட்டநடுவே நிற்கிறது. அதற்குப் பின்னால் வரும் வாக்கியங்களுக்கு அதைத் தூக்கி நிறுத்தும் பலம் இல்லை.

சரிசெய்யும் வழியும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மூடியதை வினைமுற்றாக நிறுத்தாமல் பெயரெச்சமாக்கி வாக்கியத்தின் உள்ளே வைக்க வேண்டும். '2019 முதல் 2021 வரை பாளையங்கோட்டையில் நான் நடத்தி மூடிய மரச்செக்கு எண்ணெய்த் தொழிலில்' என்று தொடங்கினால், மூடிய செய்தி மறைக்கப்படாமல் முழுமையாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஆனால் வாக்கியம் அங்கே நிற்கவில்லை, அடுத்து வரும் வினையை எதிர்பார்த்து நகர்கிறது. அந்த வினைமுற்றாக 'கண்டேன்', 'மாற்றினேன்', 'நடத்தி வருகிறேன்' போன்ற ஒன்று வந்து அமர்ந்தால் எடை அதன்மேல் இறங்கும்.

'மூடப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை வேண்டாம். யாரோ அதிகாரி வந்து சீல் வைத்ததுபோல் அது ஒலிக்கும். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் வேறு செய்தி. நீங்களே முடிவெடுத்து மூடியிருந்தால் 'மூடினேன்', பங்காளி இருந்தால் 'மூடினோம்'. முடிவெடுத்தவர் நீங்கள் என்பது தெரிந்தாலே குறிப்பின் முதுகு நிமிர்ந்துவிடும்.

அறிகுறி: 'பல பாடங்களைக் கற்றேன்' என்ற வரி வந்ததும் கண் தாண்டிப் போய்விடுகிறது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கோளாறு. என் அனுபவத்தில் பத்துக் குறிப்புகள் வந்தால் எட்டில் இது இருக்கும். பாடம் என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள், பாடத்தைச் சொல்லவில்லை. கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த வரியைத் துணிக்கடை நடத்தி மூடியவரின் குறிப்பில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது பாடம் அல்ல, வெறும் உபசாரம். 'விடாமுயற்சியின் மதிப்பை உணர்ந்தேன்', 'பணத்தின் அருமை தெரிந்தது' ஆகியவையும் இந்தச் சோதனையில் தேறாதவைதான்.

தம்பியிடம் அந்த வரியைக் காட்டி என்ன பாடம் என்று கேட்டேன். "அதான் அண்ணாச்சி, கடைக்காரனுவள நம்பக்கூடாது" என்றார். அது கோபம், பாடம் இன்னும் உள்ளே இருந்தது. எனவே கணக்கைக் கேட்டேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு அவருடைய செக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு போயிருக்கிறது. மாதம் அறுநூறு லிட்டர் ஆட்டினார் என்றால் ஆயிரத்து ஐநூறு கிலோ பருப்பு. அவர் வாங்கிய காலத்தில் கிலோ நூறு ரூபாய் என்று வைத்தால், மாதத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கடலை மண்டியில் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். எண்ணெயைப் போட்ட கடைகளோ ஒரு மாதம் என்று சொல்லி இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் கொடுத்திருக்கின்றன. அதாவது கடலைக்கான பணம் மட்டும் எந்த நேரமும் மூன்று லட்சம் கடைகளின் அலமாரியில் நின்றிருக்கிறது. அவர் போட்ட மொத்த நடைமுதலே நாலு லட்சம். மீதி ஒரு லட்சத்தில் கூலி, மின்கட்டணம், வாடகை, பாட்டில், அடுத்த மாதக் கடலை எல்லாம் ஓடியாக வேண்டும்.

பேச்சுக்கு நடுவே அவரே இன்னொன்றைச் சொன்னார். புண்ணாக்கு மட்டும் ஒருநாளும் கடனுக்குப் போனதில்லையாம். மாடு வைத்திருப்பவர்கள் காலையில் சைக்கிளில் வந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். ஒரே செக்கில் ஆட்டிய இரண்டு பொருளில் ஒன்றுக்குக் காசு கையோடு வந்தது, இன்னொன்றுக்கு அறுபது நாள் ஆனது. இதைச் சொன்ன பிறகு அவர் சற்று நேரம் பேசவில்லை. பாடம் அங்கேதான் இருந்தது: ஆளை நம்புவது, நம்பாதது அல்ல சிக்கல், வாங்குவது ரொக்கத்துக்கும் விற்பது கடனுக்கும் என்ற அமைப்பில், விற்பனை கூடக்கூட முதல் இன்னும் வேகமாகக் கடைகளில் போய் மாட்டிக்கொள்ளும் என்பதுதான்.

இப்படிக் கிடைத்த பாடத்தைக் குறிப்பில் எழுதும்போது மூன்று கண்ணி இருக்க வேண்டும்: கண்ணால் கண்டது என்ன, அதனால் மாற்றிக்கொண்டது என்ன, அந்த மாற்றம் இன்று எங்கே பயன்படுகிறது. மூன்றாவது கண்ணி இல்லாவிட்டால் பாடம் இறந்தகாலத்திலேயே நின்றுவிடும். குறிப்பு முன்னோக்கிப் போகாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தம்பிக்கு மூன்றாவது கண்ணி தயாராகவே இருந்தது, அவர்தான் அதைத் 'தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன்' என்று மூடி வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர்களின் சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் அது. அங்கே புதிய கடைக்கு முதல் மூன்று சரக்கு ரொக்கத்துக்குத்தான், பழைய பில் அடைந்தால்தான் அடுத்த சரக்கு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் இவர்.

அறிகுறி: குறிப்பில் யாராவது ஒருவர் குற்றவாளியாகத் தெரிகிறார்

'கடைக்காரர்களின் ஒத்துழையாமை', 'பங்காளி ஏமாற்றியதால்', 'வங்கி கைவிட்டதால்' என்று வரும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நூறு சொல்லில் எதிர்த்தரப்பின் நியாயத்துக்கு இடமில்லை என்பதைப் படிப்பவர் அறிவார். நாளை தம்மோடு தொழில் செய்தால் தம்மையும் இப்படித்தான் எழுதுவாரோ என்று எண்ணிவிடுவார். தம்பியின் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு வருவோரில் பாதிப் பேர் கடைக்காரர்கள்.

ஆளைச் சொல்லும் இடத்தில் அமைப்பைச் சொன்னால் இது சரியாகிவிடும். 'கடைகள் பணம் தரவில்லை' என்பதற்குப் பதிலாக 'எண்ணெயை இரண்டு மாதக் கடனுக்கு விட்டதால்' என்று எழுதினால், உண்மையும் குறையவில்லை, முடிவெடுத்தவரும் எழுதுபவராகவே ஆகிவிடுகிறார். கொரோனாவைப் பொறுத்தவரை, அது உண்மையான முதற்காரணமாக இருந்தால் ஒரு சொல்லில் சொல்லலாம். தம்பியின் கணக்குப்படி பார்த்தால் ஊரடங்கு வராவிட்டாலும் அந்த முதல் இன்னும் சில மாதங்கள்தான் தாங்கியிருக்கும். எனவே அதை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார். துரதிர்ஷ்டமும் கூடவே போய்விட்டது.

அறிகுறி: குறிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் 'இடையில் இரண்டு வருடம் எங்கே?' என்று கேட்கிறார்கள்

மேலே சொன்னவற்றைக் கேட்டுவிட்டுப் பலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். தம்பியும் போனார். "மூடுனத எழுதுனா நம்மள எவன் நம்புவான் அண்ணாச்சி? மொத்தமா வெட்டிருவமா?" என்றார். "ரெண்டு வருசம் என்ன செஞ்சியன்னு மேடையில கேட்டா என்ன சொல்லுவிய தம்பி?" என்று கேட்டதும் விட்டுவிட்டார். நெல்லைக்கும் தென்காசிக்கும் இடையில் செக்கு நடத்தியவரைச் செக்கு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். மறைத்த குறிப்பு அச்சில் வந்தால் மறைத்ததுதான் பேச்சாகும்.

இதன் இன்னொரு வடிவம், முடிந்த ஆண்டை எழுதாமல் 'நிறுவனர், மரச்செக்கு எண்ணெய் நிறுவனம்' என்று மட்டும் போடுவது. அது இன்றும் நடப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இரண்டு லிட்டர் வேண்டும் என்று போன் வரும். தொடங்கிய ஆண்டும் முடித்த ஆண்டும் எண்ணில் இருந்தாலே போதும், விளக்கம் தேவையில்லை.

அறிகுறி: 'முறையாக மூடினேன்' என்று எழுதியிருக்கிறது, ஆனால் எழுதியவருக்கே உறுத்துகிறது

உறுத்தினால் எழுத வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தவர் அதை ரத்துசெய்ய GST REG-16 படிவத்தில் விண்ணப்பித்து, ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதிக் கணக்கையும் தாக்கல் செய்திருக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மண்டிக்கோ கூலிக்கோ பாக்கி நிற்கும்போதும் இந்தச் சொல் கூடாது. பாக்கி நிற்பவர் அழைப்பிதழைப் பார்ப்பார். தன்னறிமுகத்தில் பாக்கியை அறிவிக்க வேண்டிய கடமை இல்லை, ஆனால் இல்லை என்று தோன்றும்படி எழுதும் உரிமையும் இல்லை. வங்கிக் கடன் விண்ணப்பம் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பழைய கடனை விண்ணப்பத்தில் கேட்ட இடத்தில் கேட்டபடி எழுதித்தான் ஆக வேண்டும்; மேலே சொன்ன வாக்கிய நயம் எதுவும் அங்கே உதவாது.

அறிகுறி: 'தோல்வி' என்ற சொல்லை வைப்பதா எடுப்பதா என்று தெரியவில்லை

என் கருத்தில், 'மூடிய' என்ற சொல் இருக்கும்போது 'தோல்வி' தேவையில்லை. மூடியது நடந்த செய்தி. தோல்வி அதன்மேல் போடும் தீர்ப்பு. தீர்ப்பைப் படிப்பவரிடம் விட்டுவிடலாம். ஆனால் 'வெற்றிகரமான பயணம்', 'அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தேன்' என்று பூசி மெழுகுவதைவிடத் தோல்வி என்றே எழுதுவது மேல்.

நம் சீமையில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார், 1908-இல் சிறைப்பட்டார், 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தின்படி அது ஐந்து ஆண்டுகூட முழுதாக நிற்காத நிறுவனம். ஆனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் கப்பலோட்டிய தமிழர் என்பது. 'ஓட்டிய' என்ற பெயரெச்சம் அவர் செய்ததை வைத்துக்கொண்டது. இதை எடுத்துக்காட்டாகச் சொல்வது அந்த இலக்கண நுட்பத்துக்காக மட்டுமே. அவரை முறித்தது ஓர் அரசாங்கம், நம்மை முறித்தது இரண்டு மாதக் கடன். எனவே தன்னறிமுகத்தில் அவர் பெயரை இழுத்துத் தம்மோடு ஒப்பிட்டு எழுதி வருபவர்களை நான் நயமாகத் தடுத்துவிடுவேன்.

அறிகுறி: கடைசி வரி சபதம்போல் ஒலிக்கிறது

'விரைவில் மீண்டும் எழுவேன்' என்றால் இப்போது விழுந்து கிடக்கிறேன் என்று பொருள். முன்னோக்கிய தொனி எதிர்கால வினையால் மட்டும் வந்துவிடாது. அடுத்துச் செய்யப்போவது அளவோடும் காலத்தோடும் இருந்தால்தான் வரும். அந்த அளவு பழைய பாடத்தோடு ஒட்டியதாகவும் இருந்தால், மூடிய தொழில் அதுவாகவே ஒரு படியாகத் தெரியும். 'இது எனக்கு ஒரு படிக்கட்டு' என்று எழுத வேண்டியிருக்காது. தம்பிக்குத் தை மாதத்தில் தொடங்குவதாக ஓர் எண்ணம் இருந்தது, சிறு செக்குக்காரர்களுக்கு வசூல் கணக்கு எழுதிக்கொடுப்பது. அதை எழுதச் சொன்னேன்.

வரிசையையும் மாற்றினோம். இன்று செய்வது முதலில், மூடியது நடுவில், வரப்போவது கடைசியில். பிறந்த ஊர், பெருங்கனவு இரண்டும் போயின. கடைசியில் அச்சுக்குப் போனது இது:

«தென்காசி, நெல்லை மாவட்டச் சிறு உணவு உற்பத்தியாளர்களின் சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்தில் விநியோகத்தையும் வசூலையும் கவனித்து வருகிறேன். 2019 முதல் 2021 வரை பாளையங்கோட்டையில் நான் நடத்தி மூடிய மரச்செக்கு எண்ணெய்த் தொழிலில், கடலையை ரொக்கத்துக்கு வாங்கி எண்ணெயை இரண்டு மாதக் கடனுக்கு விட்டால், விற்பனை கூடக்கூட முதல் கடைகளிலேயே தங்கிவிடும் என்பதை நேரில் கண்டேன். புதிய கடைக்கு முதல் மூன்று சரக்கு ரொக்கம், அதன்பின் பழைய பில் அடைந்தால்தான் அடுத்த சரக்கு என்ற முறையை அதன் அடிப்படையில்தான் இப்போது நடத்துகிறேன். மாதம் ஐநூறு லிட்டருக்கும் குறைவாக ஆட்டும் செக்குக்காரர்களுக்கு வசூல் கணக்கு எழுதிக்கொடுக்கும் சேவையை வருகிற தை மாதம் தொடங்குகிறேன்.»

மேடையில் வேறொருவர் படிப்பதானால் 'கவனித்து வருகிறார்', 'நேரில் கண்டவர்' என்று படர்க்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் படர்க்கையில் எழுதும்போது புகழ்மொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'தளராத உள்ளம் கொண்ட இவர்' என்று யாரோ சேர்த்ததை மெய்ப்பில் நான் அடித்தேன்.

அறிகுறி: இணையத்தில் ஏற்றியபோது குறிப்பு பாதியில் நிற்கிறது

லிங்க்ட்இன் தளத்தின் அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்துவரை இடம் உண்டு. பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 மட்டுமே. தமிழில் எழுதுபவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். 'நெல்லை' நமக்கு மூன்று எழுத்து. புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே இருப்பதால் கணினிக்கு அது ஆறு. தலைப்பு வரியில் மூடிய தொழிலுக்கு இடம் தேட வேண்டாம். அங்கே இன்றைய வேலை மட்டும் போதும். அறிமுகப் பகுதியிலும் முதல் சில வரிகள்தான் திறக்காமலே தெரியும் என்பதால், இன்று செய்வதை முதலில் வைத்த வரிசை அங்கே இரட்டிப்பாக உதவும்.

அறிகுறி: இரண்டு வருடம் கழித்தும் குறிப்பில் மூடிய தொழில் அதே இடத்தை அடைத்திருக்கிறது

எழுதிய அன்று சரியாக இருந்த குறிப்பும் இப்படிப் பழசாகிவிடும். புதிய வேலை வளர வளரப் பழைய தொழிலுக்கான சொற்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். தம்பி அடுத்த ஆண்டு மலருக்கு மறுபடி வந்தார். அப்போது அவர் பதினோரு செக்குகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடலை, ரொக்கம், இரண்டு மாதக் கடன் பற்றிய நீண்ட வாக்கியத்தை நான் கை வைப்பதற்கு முன்பே அவரே அடித்துவிட்டு, 'முன்பு மரச்செக்கு நடத்தியவன் (2019–2021)' என்று நாலு சொல்லில் முடித்துக் கொண்டுவந்திருந்தார்.